காணாமற்போன பொத்தான்: குட்டிப் பிள்ளைகளுக்கு ஒரு 90 விநாடி ஸ்டாப் மோஷன் ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி

சட்டையில் இருந்து ஒரு பொத்தான் கழன்று விழுகிறது, தேடுகிறார்கள், கிடைக்கிறது. பெரியவர்களுக்கு இது கதையே இல்லை. 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்கு இது போதும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: எது காணாமற்போனது என்பதை யாரும் சொல்லாமலே அந்தப் பிள்ளை உணர வேண்டும். "ஐயோ, பொத்தானைக் காணவில்லை, அது எவ்வளவு முக்கியமான பொத்தான்" என்று பின்னணியில் ஒரு குரல் விளக்கத் தொடங்கினால், பிள்ளை திரையை விட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும்.

வசனம் குறைவான ஸ்கிரிப்டில் இந்த வேலையைச் சத்தம்தான் செய்ய வேண்டும். கீழே ஒரு முழு ஸ்கிரிப்டையே எழுதிக் காட்டுகிறேன். இடம், வெள்ளவத்தையில் ஒரு மாடி வீடு. ஆட்கள், ஓர் அம்மம்மாவும் பேத்தியும். இரண்டு பேரின் முகமும் திரையில் வராது. கதாநாயகன் ஒரு மஞ்சள் பொத்தான்.

முதலில் தாளத்தை எழுதுங்கள்

கதைச் சுருக்கத்தை எழுதும் முன்னர் ஒரு தாளத்தை முடிவு செய்யுங்கள். நம் சட்டையில் ஐந்து பொத்தான்கள். சட்டை மரக் கதிரையின் முதுகில் தொங்குகிறது, மேலே ஃபேன் சுற்றுகிறது. காற்றில் சட்டை ஆடும்போது ஒவ்வொரு பொத்தானாகக் கதிரையில் தட்டுகிறது: டிக், டிக், டிக், டிக், டிக். கொஞ்ச இடைவெளி. மறுபடியும் ஐந்து.

இப்போது ஒரு பொத்தான் விழுந்துவிட்டது. டிக், டிக், டிக், டிக்... ஐந்தாவது வரவில்லை. பிள்ளை எண்ணத் தெரியாதவளாக இருந்தாலும் அந்த ஓட்டையைக் காதால் பிடித்துவிடுவாள். வாயால் "டிக்" என்று நிரப்பியும் விடுவாள். முழுக் கதையும் இந்த ஓட்டையில்தான் நிற்கிறது. பொத்தான் வீடு திரும்புவது என்றால் ஐந்தாவது தட்டு திரும்புவது.

இதை எண்ணில் போட்டுப் பார்ப்போம். ஸ்டாப் மோஷன் என்றால் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்வையும் ஒரு படமாக, அதாவது ஒரு பிரேமாக, எடுப்பது. விநாடிக்கு 24 பிரேம் எடுக்கலாம். சிறு பிள்ளைகளுக்கான மேசை மேல் வேலைக்கு 12 போதும். 12 என்று வைத்துக்கொண்டால் 90 விநாடிக்கு 1080 பிரேம். ஒவ்வொரு தட்டுக்கும் 8 பிரேம் கொடுங்கள், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு. பிள்ளைகள் கூடவே கைதட்டக்கூடிய வேகம் அது. 6 பிரேம் கொடுத்தால் தாளம் துள்ளலாக இருக்கும், ஆனால் நாலு வயதுக் கை பின்தங்கும். ஐந்து தட்டுக்கு 40 பிரேம், மூச்சு விட இன்னொரு 8. ஆக ஒரு சுற்று 48 பிரேம், சரியாக 4 விநாடி. தட்டுகள் 1, 9, 17, 25, 33 ஆகிய பிரேம்களில் விழும். இந்த எண்களை ஸ்கிரிப்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். பிறகு வரும் எல்லாம் இதன் மடங்குகள்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, ஓட்டை தெரிய வேண்டுமென்றால் அதற்கு முன் முழுமை காதில் பதிந்திருக்க வேண்டும். ஐந்து தட்டையும் குறைந்தது இரண்டு முழுச் சுற்று கேட்க வைத்த பிறகே பொத்தானை விழ விடுங்கள். விறுவிறுப்பு வேண்டும் என்று எடுத்த எடுப்பிலேயே விழ வைப்பவர்கள் உண்டு. அப்போது நாலு தட்டுத்தான் இயல்பான தாளம் என்று பிள்ளையின் காது எடுத்துக்கொள்ளும், ஏதோ குறைகிறது என்றே தோன்றாது.

இன்னொன்று: ஐந்தாவது தட்டு வராத இடத்தில் முழு நிசப்தம் வைக்காதீர்கள். போனில் பார்க்கும் பிள்ளை, வீடியோ நின்றுவிட்டது என்று திரையைத் தட்டும். ஃபேன் சத்தம் மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

பொத்தானைத் தெரிவு செய்வது

பாடசாலை வெள்ளைச் சட்டையைத்தான் எல்லாரும் முதலில் நினைப்பார்கள். வேண்டாம். வெள்ளைத் துணியில் வெள்ளைப் பொத்தான் கமராவுக்குத் தெரியாது, அதில் ஒன்று குறைந்தது சுத்தமாகத் தெரியாது. நீலச் சட்டையில் மஞ்சள் பொத்தான் வையுங்கள். சட்டை, ஒரு வயதுப் பிள்ளையின் அளவில் இருக்கட்டும். அப்போதுதான் பொத்தான்கள் பெரிதாகத் தோன்றும். தரைக்குப் பழைய கொழும்பு வீடுகளில் இருக்கும் சிவப்புச் சீமெந்துத் தரையின் நிறத்தில் ஒரு மட்டை. உண்மையான சீமெந்துத் தரை அழகுதான், ஆனால் மெருகு ஏறிய தரையில் விளக்கும் உங்கள் முகமும் சேர்ந்து தெரியும்.

சாதாரணச் சட்டைப் பொத்தான் 11 மில்லிமீற்றர் சொச்சம்தான் இருக்கும். விரலால் பிடித்து நகர்த்துவதற்கு அது போதாது. கோட்டுப் பொத்தான் அளவில், 25 மில்லிமீற்றர் விட்டமுள்ளதை வாங்குங்கள். புறக்கோட்டை குறுக்குத் தெருக்களில் தையல் சாமான் விற்கும் கடைகளில் ஒரே அச்சில் பத்துப் பன்னிரண்டு எடுத்துவிடலாம். பின்பக்கம் வளையம் வைத்தது வேண்டாம். தட்டையானது, இரண்டு துளை உள்ளது.

ஏன் இரண்டு துளை? அவைதான் கண்கள். இரண்டும் படுக்கை மட்டத்தில் இருந்தால் பொத்தான் அமைதியாக இருக்கிறது. கொஞ்சம் சரிந்தால் கேள்வி கேட்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் விழுந்து குழம்பிப்போயிருக்கிறது. வாய், கை எதுவும் வரையத் தேவையில்லை. பின்னால் அறுந்த சிவப்பு நூல் ஒரு விரல் நீளம் தொங்கட்டும். மெல்லிய செம்புக் கம்பியோடு அதை முறுக்கினால் நினைத்த இடத்தில் நிற்கும். நிமிர்ந்தால் நம்பிக்கை, தொங்கினால் கவலை. ஸ்கிரிப்டில் "பொத்தான் சோகமாக இருக்கிறது" என்று எழுதினால் படம் எடுப்பவருக்கு எந்த உதவியும் இல்லை. "கண்கள் சரிகின்றன, நூல் தரையைத் தொடுகிறது" என்று எழுதுங்கள்.

நாலு துளைப் பொத்தானில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. அதைப் பிரேமுக்குப் பிரேம் கால் சுற்றுத் திருப்பினால் ஒவ்வொரு பிரேமிலும் துளைகள் அதே இடத்தில் வந்து உட்காரும். பொத்தான் உருளாமல் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும்.

உருளலை எழுதுவது

பொத்தான் முகத்தைக் கமராவுக்குக் காட்டியபடி, விளிம்பில் நின்று இடமிருந்து வலமாக உருளுகிறது. பின்னால் ஒரு மிளகளவு, சுவரில் படம் ஒட்டும் நீலப் பசை தாங்கி நிற்கும்.

25 மில்லிமீற்றர் விட்டம் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 78 மில்லிமீற்றர். கடிகார முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பிரேமுக்கு ஒரு மணி நேரம் திருப்ப வேண்டும், அதே பிரேமில் 6.5 மில்லிமீற்றர் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். 12 பிரேமில் ஒரு முழுச் சுற்று. ஆக ஒரு சுற்று ஒரு விநாடி, கிட்டத்தட்ட 8 சென்ரிமீற்றர். இந்தக் கணக்கு கையில் இருந்தால் ஸ்கிரிப்ட் எழுதும்போதே தூரத்தை விநாடியாக மாற்றிவிடலாம். 40 சென்ரிமீற்றர் உருள வேண்டுமா, ஐந்து விநாடி எழுதுங்கள்.

வந்து நிற்கும் உருளல்களை எப்போதும் முழுச் சுற்றில் முடியுங்கள். இரண்டேகால் சுற்று என்று எழுதினால் பொத்தான் நிற்கும்போது கண்கள் செங்குத்தாக நிற்கும், நீங்கள் நினைக்காத ஓர் உணர்ச்சி முகத்தில் வந்துவிடும். நிற்கும் முன் கடைசி நாலு பிரேமில் மட்டும் அரை மணி, அரை மணியாகத் திருப்பி, நகர்த்தலையும் பாதியாக்கினால் வேகம் தணிந்து நிற்பது தெரியும்.

பறப்பதையும் துள்ளுவதையும் ஸ்கிரிப்டில் எழுதவே வேண்டாம். எழுத ஒரு வரிதான், எடுக்க ஒரு மாலைப் பொழுது போய்விடும்: கம்பியில் தொங்கவிட வேண்டும், பிறகு ஒவ்வொரு பிரேமிலும் அந்தக் கம்பியை அழிக்க வேண்டும். துள்ளலைச் சத்தத்தில் மட்டும் வையுங்கள்.

யாரைச் சந்திக்கிறது?

பொத்தான் சோபாவின் அடியில் போய்விடுகிறது. அங்கே தன்னைப் போல வட்டமாக இருக்கும் மூன்று பேரைச் சந்திக்கிறது. "டிக்?" என்று கேட்கிறது. ஒவ்வொருவரும் தங்கள் சத்தத்தில் பதில் சொல்கிறார்கள். உருவம் ஒன்றுபோல இருக்கிறது, சத்தம் வேறாக இருக்கிறது. அதனால் நம்மவர் இல்லை என்று பொத்தானுக்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் புரிகிறது.

நான் எடுத்த மூன்று: காசுக் குத்தி (டிங்), சோடா மூடி (கரகர), கண்ணாடி வளையல் (கிணிங்). வட்டமான பொருள் எது கிடைத்தாலும் போட்டுவிட முடியாது. வட்டமான சிறிய பற்றரியும் மாத்திரையும் இந்தக் கதைக்குள் வரவே கூடாது. அந்தப் பற்றரியை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைச் சுட்டுவிடக்கூடும். சோபாவுக்கு அடியில் கிடக்கும் நண்பனாக அதைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவது நம் வேலை இல்லை. பொத்தானும் காசும்கூட மூன்று வயதுக்குக் கீழே தொண்டையில் சிக்கும் சாமான்கள்தான். ஆகவே கதையில் எந்தப் பொருளும் வாய்ப் பக்கம் போகாது. கண்டெடுக்கும் பேத்தி அதை நேரே அம்மம்மாவிடம் கொடுக்கிறாள்.

ஸ்கிரிப்ட்

ஒவ்வொரு காட்சியிலும் சத்தத்தை முதலில் எழுதி, படத்தை அதன் கீழே எழுதியிருக்கிறேன். வழமைக்கு மாறான வரிசை இது. காது முந்தி வர வேண்டிய கதை என்பதால் எழுதும்போதே அப்படிப் பழகிவிடுவது நல்லது. ஒரு சத்தத்துக்கு ஒரே எழுத்துத்தான். பொத்தான் எப்போதும் "டிக்". ஓரிடத்தில் "டக்" என்று எழுதினால், சத்தம் சேர்ப்பவர் வேறொரு சத்தத்தைத் தேடிப் போடுவார்.

காட்சி 1 (0–8 விநாடி, 96 பிரேம்)
சத்தம்: ஃபேன். டிக் டிக் டிக் டிக் டிக். இரண்டு சுற்று.
படம்: கதிரை முதுகில் நீலச் சட்டை. தட்டும்போது ஒவ்வொரு பொத்தானாக அசைகிறது. ஐந்தாவது ஒரே நூலில் தொங்குவது இரண்டாவது சுற்றில் தெரிகிறது.

காட்சி 2 (8–20, 144 பிரேம்)
சத்தம்: டிக் டிக் டிக் டிக் ப்ளக். பிறகு கீழே எங்கோ: டிக்... டிக்.. டிக். டிக். உருளல், தூரமாகிறது.
படம்: ப்ளக் என்றதும் ஐந்தாவது இடத்தில் நூல் மட்டும். மற்ற நாலு பொத்தான்களும் கண்ணைச் சரித்துக் கீழே பார்க்கின்றன. வெட்டு. சிவப்புத் தரையில் பொத்தான் ஐந்து சுற்று உருண்டு சோபாவுக்கு அடியில் மறைகிறது.

காட்சி 3 (20–26, 72 பிரேம்)
சத்தம்: டிக். மேலே இருந்து அம்மம்மாவின் குரல்: "ஐயோ, ஒரு பொத்தானைக் காணேல்லையே."
படம்: சோபாவின் அடி. மங்கல், ஆனால் முன்பக்கம் வெளிச்சக் கீற்று. பொத்தான் கண்கள் செங்குத்தாக. மெல்லத் திரும்பி நேராகின்றன. குரல் வந்ததும் நூல் நிமிர்கிறது.

காட்சி 4 (26–53, 324 பிரேம், ஒரு சந்திப்புக்கு 9 விநாடி)
சத்தம்: உருளல். டிக்? ... டிங். / உருளல். டிக்? ... கரகர. / உருளல். டிக்? ... கிணிங், கிணிங்கிணிங்கிணிகிணிகிணி. நிறுத்தம்.
படம்: முதல் இரண்டு சந்திப்பும் ஒரே அமைப்பு. மூன்றாவதில் வளையல் சுழன்று பொத்தானைச் சுற்றியே விழுகிறது. நடுவில் பொத்தான், நூல் தரையில்.

காட்சி 5 (53–62, 108 பிரேம்)
சத்தம்: தெருவில் சூன் பாண் ஓட்டோவின் மெட்டு நெருங்கி வருகிறது. ஓடி வரும் சிறு கால்கள். மெட்டு நிற்கிறது.
படம்: வெளிச்சக் கீற்றில் ஒரு சிறு கை நுழைகிறது. காசுக் குத்தியை எடுத்துக்கொண்டு போகிறது. பொத்தானைக் கவனிக்கவில்லை.

காட்சி 6 (62–74, 144 பிரேம்)
சத்தம்: தூரத்தில் டிக் டிக் டிக் டிக் — / டிக் டிக் டிக் டிக் — / டிக் டிக் டிக் டிக் டிக்.
படம்: முதல் சுற்றில் பொத்தான் அசையாது. இரண்டாவதில் நூல் நிமிர்கிறது. மூன்றாவதில், சரியாக 33ஆம் பிரேமில், பொத்தான் வளையலில் தானே தட்டுகிறது.

காட்சி 7 (74–82, 96 பிரேம்)
சத்தம்: கால்கள் நிற்கின்றன. பேத்தி: "அம்மம்மா! இஞ்ச கிடக்கு!" அம்மம்மா: "கொண்டா, செல்லம்." கத்தரி: கிச்.
படம்: கை திரும்ப வந்து, வளையலுக்குள் இருக்கும் பொத்தான் மேல் விரிகிறது. வெட்டு. நீலத் துணி நெருக்கத்தில். நூல் நறுக்கப்பட்டு விழுகிறது. ஊசி திரையில் இல்லை.

காட்சி 8 (82–90, 96 பிரேம்)
சத்தம்: டிக் டிக் டிக் டிக் டிக். இரண்டு சுற்று.
படம்: காட்சி 1 போலவே. ஐந்தாவது பொத்தானில் மட்டும் சிவப்பு நூல்.

மொத்த வசனம் மூன்று வரி, ஒன்பது சொல். இது யாழ்ப்பாணத்துப் பேச்சு. உங்கள் வீட்டில் பாட்டி, உம்மும்மா என்று அழைப்பவர்கள் இருந்தால் அப்படியே மாற்றி, உங்கள் வீட்டுப் பேச்சில் சொல்ல வையுங்கள். யார் முகமும் தெரியாததால் வாயசைவுத் தொல்லை இல்லை. இதே படத்துக்குச் சிங்களக் குரலையும் ஒரு பின்னேரத்தில் போட்டுவிடலாம்.

இரண்டு இடங்களைப் பற்றிக் கொஞ்சம்

காட்சி 3இன் இருட்டு ஆபத்தானது. சிறு பிள்ளைக்கு "தொலைந்துபோனேன்" என்பது விளையாட்டான விஷயம் இல்லை. அதனால்தான் அம்மம்மாவின் குரலை அங்கே வைத்திருக்கிறேன், விழுந்த உடனேயே. தேடுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் மிச்ச நேரம் முழுவதும் பிள்ளை பயமில்லாமல் பார்க்கும். இந்த இடத்தில் பயமுறுத்தும் இசை சேர்த்தால் வசனத்தின் பலன் போய்விடும்.

காட்சி 5 வெறும் கொழும்பு வாசனைக்காக வைத்தது இல்லை. கை சோபாவுக்கு அடியில் வர ஒரு காரணம் வேண்டும். பணிஸ் வாங்கக் காசு தேவை, காசு சோபாவுக்கு அடியில் கிடக்கிறது, முன்னைய காட்சியில் அந்தக் காசை நாம் சந்தித்தும் இருக்கிறோம். கை காசை எடுத்துக்கொண்டு போகும்போது "அங்கே, அங்கே!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும். அதற்காகவே கை போன பிறகு ஒரு விநாடி எதுவும் நடக்காமல் விட்டிருக்கிறேன். மெட்டும் டிக் தாளமும் ஒன்றன் மேல் ஒன்று வரவே கூடாது. ஓட்டோ நின்ற பிறகே தாளம் தொடங்க வேண்டும்.

அந்த மெட்டு பெரும்பாலும் பீத்தோவனின் ஃபர் எலீஸ். அவர் 1827இல் இறந்தவர், மெட்டுக்கு இன்று உரிமைச் சிக்கல் இல்லை. ஆனால் யாரோ வாசித்துப் பதிந்த ஒலிப்பதிவை எடுத்துப் போட்டால் சிக்கல் வரும். விளையாட்டுக் கீபோர்டில் முதல் ஒன்பது சுரங்களை நீங்களே வாசித்துப் பதிந்துவிடுங்கள். மலிவான கீபோர்டாக இருந்தால் இன்னும் நல்லது, ஓட்டோவின் ஒலிபெருக்கிக்கு அது ஏகப் பொருத்தம். தெருவில் போய்ப் பதியலாம் என்றால், காகமும் பஸ் ஹோர்னும் மெட்டோடு சேர்ந்து வரும், பிறகு பிரிக்க முடியாது.

சத்தங்களைப் பதிவது

படம் ஒரு பிரேம்கூட எடுக்கும் முன்னர் சத்தம் முழுவதையும் பதிந்து, 90 விநாடிக்கு அடுக்கிவிடுங்கள். காலி வீதிக்குப் பக்கத்து வீடுகளில் இரவு பதினொரு மணிக்குப் பிறகுதான் வேலை ஆகும். ஃபேனை நிறுத்திவிட்டு, அலுமாரிக் கதவைத் திறந்து, தொங்கும் உடுப்புகளுக்கு நடுவே போனை வையுங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும்.

டிக் சத்தத்துக்குப் பொத்தானை மரப்பலகையில் இரண்டு விரல் உயரத்தில் இருந்து போடுங்கள், போன் ஒரு சாண் தூரத்துக்குள். பல தடவை பதிந்து, ஒன்றுக்கொன்று இலேசாக வேறுபட்ட ஐந்தைத் தெரிவு செய்யுங்கள். ஒரே டிக்கை ஐந்து முறை ஒட்டினால் கடிகாரம்போல இருக்கும், ஐந்து பொத்தான்போல இருக்காது. ஐந்தாவதுக்கு மட்டும் கொஞ்சம் உயர்ந்த சுதி கொடுங்கள். அது வராதபோது குறை இன்னும் தெளிவாகத் தெரியும்.

ப்ளக் என்பதற்கு விரலைக் கன்னத்துக்குள் விட்டு இழுத்தாலே போதும். வளையல் அடங்கும் சத்தத்தை உண்மையான வளையலிலேயே எடுங்கள். தட்டையான வட்டம் தரையில் சுழன்று அடங்கும்போது தட்டுகள் நெருங்கி நெருங்கி வந்து திடீரென நிற்கும். அந்தத் திடீர் நிறுத்தம்தான் காட்சி 4இன் முடிவு, அதைத் தேய்த்து மறைத்துவிடாதீர்கள். துள்ளலில் அந்த நெருக்கத்தை நீங்களே அடுக்க வேண்டும்: முதல் தட்டுக்கும் இரண்டாவதுக்கும் 5 பிரேம், அடுத்தது 3, அடுத்தது 2.

சத்தம் அடுக்கி முடிந்ததும், படமே இல்லாமல் ஒரு பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள். காட்சி 6இன் இரண்டாவது சுற்றில் அவள் கையோ வாயோ ஐந்தாவது தட்டை நிரப்புகிறதா என்று மட்டும் பாருங்கள். நிரப்பினால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. இல்லாவிட்டால் காட்சி 1இல் மூன்றாவது சுற்று ஒன்றைச் சேர்த்து, அந்த நாலு விநாடியைக் காட்சி 4இல் குறையுங்கள்.

படமெடுக்கும்போது ஸ்கிரிப்டைக் கெடுப்பவை

வெளிச்சம் முதலாவது. கொழும்பில் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் படம் மூச்சு வாங்குவதுபோல மங்கிப் பளிச்சிடும். திரைச்சீலையை இழுத்து மூடி, இரண்டு எல்இடி விளக்கில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஆகவே ஷட்டரை 1/50 அல்லது 1/100 விநாடியில் பூட்டினால் விளக்கின் துடிப்பு விழாது. போன் செயலியில் வெளிச்சம், குவியம், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டுங்கள். நீங்கள் கறுப்பு உடுப்பு போடுங்கள், வெள்ளைச் சட்டையின் பிரதிபலிப்பு பொத்தானில் ஏறும்.

ஃபேன் கதையில் ஓடுகிறது, ஆனால் படமெடுக்கும் அறையில் ஓடக்கூடாது. ஓடினால் நூல் வால் தன்பாட்டுக்கு ஆடும். வியர்த்துக்கொண்டுதான் எடுக்க வேண்டும். சூட்டில் நீலப் பசை இளகி, பொத்தான் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் சாயும். முந்திய பிரேமை மங்கலாகத் திரையில் காட்டும் வசதியைப் போட்டு வைத்தால் உடனே பிடித்துவிடலாம்.

கைக்குப் பெரியவர் கை உதவாது, பூதம்போல இருக்கும். ஐந்தாறு வயதுப் பிள்ளை வேண்டும். அந்த வயதில் யாரும் நூறு பிரேம் அசையாமல் இருக்கமாட்டார்கள், அதனால் கைக்கு மூன்று நிலை மட்டும் எழுதியிருக்கிறேன்: நுழைவது, பொருளின் மேல் விரிவது, போவது. முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்து, முப்பது பிரேமில் முடித்துவிட்டுப் பிள்ளையை விடுங்கள்.

தட்டும் பிரேமில் கடைசியாக ஒரு கவனம். பொத்தான் கதிரையைத் தொடும் பிரேமில்தான் டிக் விழ வேண்டும். ஒரு பிரேம் என்பது விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சத்தம் அவ்வளவு முந்தினால் யாருக்கும் உடனே உறுத்தும்; அதே அளவு பிந்தினால் அவ்வளவாகத் தெரியாது. சந்தேகமாக இருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

முடிந்த வீடியோவைக் ஹெட்போனில் மட்டும் கேட்டுவிட்டு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் கேட்கப்போவது போன் ஸ்பீக்கரில். அதில் ஃபேனின் தாழ்ந்த முழக்கம் அநேகமாகக் கேட்கவே கேட்காது, அப்போது காட்சி 6இன் ஓட்டை வெறும் நிசப்தமாகிவிடும். ஃபேனின் இறக்கை எங்கோ உரசும் மெல்லிய "கிர்க், கிர்க்" ஒன்றைப் பதிந்து அதோடு கலந்துவிட்டால் சரி.